கணக்கில் தவறி வந்த பணம்: வங்கியிடம் எப்படிச் சொல்வது, அது எப்படித் திரும்பப் போகிறது

ராயக்கோட்டை பக்கம் ஒரு வங்கிக் கிளையில் பல வருடம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பாஸ்புக்கை நீட்டி, "சார், இந்தக் காசு எங்களுது இல்லைங்க" என்று சொல்ல அவ்வப்போது யாராவது வருவார்கள். சொல்லிவிட்டு அப்படியே கிளம்பிவிடுவார்கள். வாயால் சொன்னதோடு தன் வேலை முடிந்தது என்று நினைப்பு. இன்னும் சிலர், போனில் அழைத்த யாருக்கோ பணத்தை அனுப்பிவிட்டு, அப்புறம்தான் கிளைக்கு வருவார்கள். இரண்டு தரப்பும் நல்ல மனதோடு செய்தவர்கள்தான். இரண்டு தரப்பும் பின்னால் சங்கடப்பட்டதையும் பார்த்திருக்கிறேன்.

இந்த விஷயத்தில் ஊரில் மூன்று விதமான பேச்சு உண்டு. "நம்ம கணக்குல வந்தா நம்ம காசு" என்பது ஒன்று. "தப்பா வந்திருந்தா பேங்க்காரங்களே எடுத்துக்குவாங்க" என்பது இன்னொன்று. "கேட்டவங்களுக்குத் திருப்பிப் போட்டுட்டா தீர்ந்தது" என்பது மூன்றாவது. முதலாவது சட்டப்படியே தப்பு. இரண்டாவது பாதிதான் சரி. மூன்றாவதுதான் மூன்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் கேட்க நியாயமாக இருக்கிறது. ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## பால் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்

பால் சொசைட்டிக்குக் காலையில் பால் ஊற்றுகிறீர்கள். ஆறு லிட்டர் என்று உங்கள் அட்டையில் எழுதுகிறார்கள். உங்கள் பால் தனியாக ஒரு கேனில் இருப்பதில்லை. எல்லோர் பாலும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. உங்களுக்கு உரியது அந்த அட்டையில் உள்ள எண்ணிக்கை மட்டும்தான். வாரக் கடைசியில் அதை வைத்துத்தான் பணம் தருவார்கள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றிய எட்டு லிட்டரை அவசரத்தில் உங்கள் அட்டையில் எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்ய நீங்கள் எட்டு லிட்டர் பாலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? சொசைட்டி நோட்டில் தப்பு அப்படியேதான் இருக்கும். உங்கள் பேரில் எட்டு லிட்டர் கூடுதல், அவர் பேரில் எட்டு லிட்டர் குறைவு. நீங்கள் கொடுத்த பால் எந்த நோட்டிலும் இல்லை. நாளைக்கே அவர் சொசைட்டியில் போய், "என் எட்டு லிட்டர் எங்கே?" என்று கேட்டால் நோட்டு உங்களைத்தான் காட்டும். எழுதியவரிடமே போய், எழுதிய நோட்டிலேயே அடித்து எழுத வைப்பதுதான் சரியான வழி.

வங்கிக் கணக்கும் இதே மாதிரிதான். உங்கள் பேரில் ஒரு பெட்டியும் அதற்குள் நோட்டுக்கட்டும் அங்கே இல்லை. வங்கி உங்களுக்குத் தரவேண்டிய தொகை எவ்வளவு என்கிற பதிவுதான் இருக்கிறது. அதில் தொகை கூடினால் வரவு, குறைந்தால் பற்று. தவறி வந்த பணம் என்றால், வேறொருவருக்கு விழவேண்டிய வரவு உங்கள் பேரில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதை அதே பாதையில் திருப்பி எழுத வைக்க வேண்டும்.

## பெயர் சரியாக இருந்தும் பணம் எப்படித் தவறிப் போகிறது

"அவர் பேரைப் போட்டுத்தானே அனுப்பினேன், எப்படி இவருக்குப் போகும்?" என்று அனுப்பியவர்கள் கோபமாகக் கேட்பார்கள். பணம் பெறும் வங்கி பெயரைப் பார்த்து வரவு வைப்பதில்லை. கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் வைக்கிறது. இதை ரிசர்வ் வங்கி 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சரியான எண்ணைக் கொடுக்கும் பொறுப்பு அனுப்புகிறவருடையது.

அப்படி ஒரு கணக்கு எண்ணே இல்லை என்றால் பிரச்சினை இல்லை. வங்கிகளுக்கு இடையே பணத்தைத் தொகுப்பு தொகுப்பாக அனுப்பும் நெஃப்ட் முறையில் வந்த பணத்தை வரவு வைக்க முடியாவிட்டால், அது வந்த தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி அதைத் திருப்பியாக வேண்டும். ஆனால் அந்தத் தப்பான எண்ணிலும் உண்மையாகவே ஒருவருக்குக் கணக்கு இருந்துவிட்டால், கணினியின் பார்வையில் எந்தத் தப்பும் நடக்கவில்லை. பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் பணம் அனுப்பும் முன்பு, அந்தக் கணக்கு யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியை வங்கிகள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் பக்கத்துத் தவறுகளில் பலவற்றை அது பிடிக்காது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வேடியப்பன், முனியப்பன், முனியம்மாள் என்று ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். மண்டிக்காரர் தன் போனில் சேமித்து வைத்திருக்கும் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு மூன்று தடவை இருக்கும். மேலே உள்ளதைத் தொடுவதற்குப் பதில் கீழே உள்ளதைத் தொட்டுவிடுகிறார். பெயரும் சரி, எண்ணும் சரி, ஆள் மட்டும் வேறு.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கணக்கில் இருப்பது ஒரு பதிவு. அது விழுவது எண்ணைப் பார்த்து, பெயரைப் பார்த்து அல்ல. தப்பான எண் வேறு ஒருவருடைய கணக்காக இருந்துவிட்டால் பணம் தானாகத் திரும்பாது.

## வங்கி தானே எடுத்துக்கொள்ளுமா?

தவறு யாருடையது என்பதைப் பொறுத்தது.

வங்கியே தப்பாகப் பதிந்திருந்தால், வங்கி தன் தவறைத் தானே திருத்தலாம். 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் விழுந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அவர் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து, சோதித்துப் பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்திலேயே மீதித் தொகை முழுவதையும் வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே தவறு வங்கியுடையது, அதனால் முடிந்தது.

ஆனால் வேறொரு வாடிக்கையாளர் தப்பான கணக்குக்கு அனுப்பிவிட்டார் என்றால் கதை வேறு. வங்கியின் பார்வையில் உங்கள் கணக்கில் ஒரு முறையான வரவு விழுந்திருக்கிறது. அனுப்பியவர் வந்து "தப்பாகப் போய்விட்டது" என்று சொன்னார் என்பதற்காக, உங்கள் கணக்கிலிருந்து வங்கி அதைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொடுக்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு உங்கள் பாதுகாப்புக்காகத்தான். இல்லையென்றால் உங்களிடம் மாடு வாங்கிப் பணம் போட்ட ஆள், மறுநாள் மாட்டை ஓட்டிக்கொண்டு போன பிறகு, "தப்பாகப் போட்டுவிட்டேன்" என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடுவான்.

அதனால்தான் உங்கள் கையெழுத்து தேவைப்படுகிறது. "இந்தத் தொகையை என் கணக்கில் பற்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் எழுதித் தருவதற்கு பற்று ஒப்புதல் என்று பெயர். வாயால் சொன்னது போதாது என்று முதலில் சொன்னேனே, காரணம் இதுதான். "எங்களுது இல்லைங்க" என்பது தகவல். அது ஒப்புதல் ஆகாது.

## முதலில் இரண்டு விஷயத்தை உறுதி செய்யுங்கள்

பணம் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்பது ஒன்று. குறுஞ்செய்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள். "உங்கள் கணக்கில் 15,000 வரவு" என்று எந்த எண்ணிலிருந்து வேண்டுமானாலும் ஒருவன் எழுதி அனுப்பலாம். உடனே போனும் வரும்: "அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போடவேண்டிய காசு, தப்பா உங்களுக்கு வந்துடுச்சு." இருப்பை ஏடிஎம்மிலோ, வங்கியின் செயலியிலோ, பாஸ்புக்கில் பதிந்தோ பாருங்கள். அங்கே இல்லையென்றால் பணமே வரவில்லை, விஷயம் அதோடு முடிந்தது.

அந்தப் பணம் உங்களுடையது இல்லை என்பது நிச்சயமா என்பது இன்னொன்று. மகளிர் உரிமைத் தொகை, பிஎம் கிசான் தவணை, நூறு நாள் வேலைக் கூலி, எரிவாயு மானியம் என்று பல தொகைகள் முன்னறிவிப்பு இல்லாமல் விழும். அரசுத் தொகைகளில் பல, ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போகும். மறந்தே போன கணக்கில் திடீரென்று பணம் தெரிந்தால் பல சமயம் அதுதான் காரணம். பதிவுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் விவரத்தைக் கவுண்டரில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

## ஒரு பால்கார அம்மாவின் 48,500 ரூபாய்

எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, பாலை ஊற்றிவிட்டு நேராகக் கிளைக்கு வந்தார் அந்த அம்மா. கையில் காலி பால் கேன். பாஸ்புக்கைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளிவிட்டு, "வியாழக்கிழமை வந்துச்சுங்க சார். யாரு போட்டாங்கன்னு தெரியல" என்றார். பதிந்து பார்த்தேன். வியாழன் அன்று நெஃப்டில் 48,500 ரூபாய் வரவு. அதற்கு முன்பு அவர் சொந்தப் பணம் 3,260 மட்டும். அனுப்பியவர் பெயராக ஒரு தக்காளி மண்டியின் பெயர் இருந்தது. அந்த அம்மாவின் நிலத்தில் அந்த வருடம் ராகிதான்.

நெஃப்டில் வரும் ஒவ்வொரு தொகைக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. அதுதான் யூடிஆர் எண். பேருந்தில் பார்சல் அனுப்பினால் ஒரு ரசீது எண் தருவார்களே, அந்த மாதிரி. அனுப்பிய வங்கியிலும் பெற்ற வங்கியிலும் அதே எண்தான். யூபிஐ என்றால் இந்த வேலையை 12 இலக்கப் பரிவர்த்தனை எண் செய்கிறது. எந்தத் தொகை என்று இரண்டு வங்கிகளும் சண்டையில்லாமல் பேச இந்த எண் ஒன்று போதும்.

வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் எழுதினோம். கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது:

> கிளை மேலாளர் அவர்களுக்கு,
>
> என் சேமிப்புக் கணக்கு எண் ……-இல், ……… தேதியில், யூடிஆர் எண் ……… மூலம் ரூ.48,500 (நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு) வரவாகியுள்ளது. அனுப்பியவர் எனக்குத் தெரிந்தவர் அல்ல. இந்தத் தொகை எனக்குச் சேரவேண்டியதும் அல்ல.
>
> அனுப்பிய வங்கியில் விசாரித்து உறுதி செய்த பின், இந்தத் தொகையை மட்டும் என் கணக்கில் பற்று வைத்து, எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு திருப்பி அனுப்பச் சம்மதிக்கிறேன். வேறு எந்தக் கணக்குக்கும் அனுப்ப நான் சம்மதிக்கவில்லை.
>
> திருப்பி அனுப்பிய பின் புதிய யூடிஆர் எண்ணைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> பெயர், கையெழுத்து, தேதி, கைபேசி எண்

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் பெற்றவர் கையெழுத்தும் போட்டு அவரிடம் திருப்பிக் கொடுத்தோம். அந்த முத்திரைப் பிரதியை விடாதீர்கள். அந்தத் தேதியில் நீங்களே தானாக வந்து சொன்னீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. கிளை தூரம் என்றால் இதையே வங்கியில் பதிவான உங்கள் மின்னஞ்சலிலிருந்து கிளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் சொல்லிப் புகார் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனாலும் பற்று ஒப்புதலுக்குப் பெரும்பாலும் கையெழுத்தைத்தான் கேட்பார்கள்.

கடிதத்தில் "விசாரித்து உறுதி செய்த பின்" என்று ஏன் எழுதினோம்? ஒருவேளை அந்த மண்டிக்காரர் அந்த அம்மாவின் மகனுக்குத் தரவேண்டிய தொகையை அம்மா கணக்கில் போட்டிருக்கலாம். அனுப்பியவர் "ஆமாம், தவறுதான்" என்று தன் வங்கியிடம் சொன்ன பிறகு திருப்பினால்தான் பணம் ஊசல் மாதிரி போய்ப் போய் வராது.

## அனுப்ப முடியாமல் தடுத்த 940 ரூபாய்

கடிதம் ஆகிவிட்டது, ஆனால் பற்று வைக்க முடியவில்லை. கணக்கில் 47,560 ரூபாய்தான் இருந்தது.

அந்த அம்மாவுக்கு மகளிர் குழுக் கடன் ஒன்று உண்டு. மாதம் ஐந்தாம் தேதி 4,200 ரூபாய் தவணை தானாகப் பிடிபடும். வியாழன் வந்த 48,500-ஐயும் அவருடைய 3,260-ஐயும் சேர்த்தால் 51,760. சனிக்கிழமை தவணை போனது. அவர் சொந்தப் பணம் 3,260 தீர்ந்து, மண்டிக்காரர் பணத்தில் 940 ரூபாயும் சேர்ந்து போய்விட்டது. அவர் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. பணம் தானாகக் கரைந்தது.

தவறி வந்த பணத்தைத் தொடாமல் வைத்திருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணக்குக்கு இது உங்கள் பணம், அது அடுத்தவர் பணம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம், முன்பு பிடிபடாமல் நின்ற கட்டணங்கள் எல்லாமே இருப்பு ஏறியதும் வந்து எடுத்துக்கொள்ளும். அதனால் தாமதிக்காமல் சொல்லுங்கள். சொல்லும்போதே, "திருப்பி அனுப்பும்வரை இந்தத் தொகையைப் பிடித்து வையுங்கள்" என்று கேளுங்கள். வங்கி ஒரு குறிப்பிட்ட தொகையை யாரும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைப்பதற்கு லியன் என்று பெயர். லியன் போட்டால் மொத்த இருப்பு ஒன்றாகவும், எடுக்கக்கூடிய இருப்பு குறைவாகவும் காட்டும். பயப்பட வேண்டாம், இங்கே அது உங்களுக்கு உதவி செய்கிறது.

அந்த அம்மா மறுநாள் பால் பணத்திலிருந்து 1,000 ரூபாய் கட்டினார். இருப்பு 48,560 ஆனது. லியன் போட்டோம்.

## ஏன் நாமே அனுப்பக்கூடாது

திங்கட்கிழமை அவர் இன்னொன்றும் சொன்னார். ஞாயிறு அன்று ஒருவர் போன் செய்து, "நான்தாம்மா போட்டேன், இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்று கேட்டாராம். பேரன் ஊரில் இல்லாததால் அனுப்பவில்லை. நல்லவேளை.

அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். மண்டியின் வங்கிக் கணக்கிலிருந்து அந்த அம்மாவுக்கு 48,500 வந்த பதிவு ஒன்று. அந்த அம்மாவிடமிருந்து யாரோ ஒருவருக்கு 48,500 போன பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எந்தக் கயிறும் இல்லை. தொகை ஒன்றாக இருப்பதால் மட்டும் இது அதற்கான பதில் ஆகிவிடாது. அழைத்தவர் உண்மையான மண்டிக்காரர் இல்லை என்றால், மண்டி மறுபடி கேட்கும்போது அந்த அம்மா தன் கையிலிருந்து இன்னொரு 48,500 கொடுக்கவேண்டி வரும். பக்கத்து வீட்டுக்குப் பாலைத் தூக்கிக்கொண்டு போன கதைதான் இது.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. திருட்டுக் கும்பல் ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தை வேண்டுமென்றே உங்கள் கணக்குக்கு அனுப்பும். அப்புறம் "தப்பா வந்துடுச்சு" என்று அழுது, வேறொரு எண்ணுக்கு அனுப்பச் சொல்லும். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்வார். போலீஸ் பணம் போன பாதையைப் பிடித்துக்கொண்டே வரும். அந்தப் பாதையில் பணத்தை வாங்கி அடுத்த கைக்கு மாற்றிய கணக்காக உங்களுடையது நிற்கும். கணக்கை முடக்குவார்கள். சில சமயம் அந்தத் தொகை மட்டும் நிற்கும், சில சமயம் கணக்கே நிற்கும். அந்த நேரத்தில் 100 நாள் கூலியும் எடுக்க முடியாது. வந்த கணக்குக்கே வங்கி மூலம் திருப்பினால் இந்த ஆட்டத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் திருடன் கேட்பது எப்போதும் வேறு எண்ணாகத்தான் இருக்கும்.

அதனால் போனில் யார் கேட்டாலும் சொல்லவேண்டியது ஒன்றுதான்: "உங்க பேங்க்ல எழுதிக் கொடுங்க, என் பேங்க் மூலமா வரும்." உண்மையாகவே பணத்தைத் தவறவிட்டவருக்கு அதில் எந்தக் கஷ்டமும் இல்லை. அவசரப்படுத்தினால், மிரட்டினால், உங்கள் ரகசிய எண்ணையோ குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்ணையோ கேட்டால், போனை வைத்துவிட்டு 1930-க்குப் பேசுங்கள். யூபிஐயில் பணத்தை அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். பெறுவதற்கு அது தேவையே இல்லை.

தெரிந்தவர் தவறிப் போட்ட இருநூறு ரூபாயை, அவர் எந்த எண்ணிலிருந்து அனுப்பினாரோ அதற்கே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. அதற்குக் கிளைக்கு வரச் சொல்லமாட்டேன். முன்பின் தெரியாதவர் என்றாலோ தொகை பெரிது என்றாலோதான் வங்கி வழி.

சுருக்கமாக: எழுத்தில் சொல்லுங்கள், பற்று ஒப்புதல் கொடுங்கள், லியன் கேளுங்கள், வந்த கணக்குக்கே போகவேண்டும் என்று எழுதுங்கள்.

## எடுத்துச் செலவு செய்துவிட்டால்

இது நடக்கிறது. மகன் கணக்கைப் பார்க்கிறான், மருந்துக்கடைக்குக் கொடுக்கிறான், யாருக்கும் தெரிவதில்லை. அப்போதும் கடமை போய்விடாது. தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் கேட்காமலே வந்தது என்பது அதற்குப் பதில் ஆகாது.

தெரியாமல் செலவானது ஒரு கதை. அடுத்தவர் பணம் என்று தெரிந்த பிறகும் கெட்ட எண்ணத்தோடு தனதாக்கிக்கொள்வது வேறு கதை. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் குற்றமாகும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. அதனால் செலவாகிவிட்டது என்று தெரிந்தால் ஒளிக்காதீர்கள். இருப்பதைத் திருப்ப ஒப்புதல் கொடுத்து, மீதியை எந்தத் தேதிக்குள் கட்டுவீர்கள் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். அனுப்பியவர் அதற்குச் சம்மதிப்பாரா என்பது அவர் விருப்பம். ஆனாலும் எழுதித் தந்தவரையும் போனை அணைத்துவிட்டவரையும் யாரும் ஒரே தட்டில் வைக்கமாட்டார்கள்.

## கிளையில் அலைக்கழித்தால்

"நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, நீங்களே அனுப்பிடுங்க" என்று சில இடங்களில் சொல்வார்கள். பாஸ்புக்கில் அனுப்பியவரின் முழுக் கணக்கு எண் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் எங்கே அனுப்புவது? வங்கியின் கணினியில்தான் அது இருக்கும். இதை நிதானமாகச் சொல்லி, கடிதத்தைப் பெற்றுக்கொண்டு முத்திரை போடும்படி மட்டும் உறுதியாகக் கேளுங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

முப்பது நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். `cms.rbi.org.in` என்ற தளத்தில் பதியலாம், கட்டணம் கிடையாது. முதலில் வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. அந்த முத்திரைப் பிரதி இங்கேயும் வேலைக்கு வரும்.

அந்த அம்மாவின் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. புதன்கிழமை மண்டிக்காரரின் வங்கியிலிருந்து பதில் வந்தது. பட்டியலில் இருந்த ஒரே பெயர்க் குழப்பம்தான், போன வருடம் அவரிடம் தக்காளி போட்ட இன்னொருவருக்குப் போகவேண்டிய தொகை. ஞாயிறு அன்று போன் செய்தவர் யார் என்று கேட்டதற்கு, தானோ தன் ஆட்களோ யாருக்கும் போன் செய்யவில்லை என்று மண்டிக்காரர் சொன்னதாகத் தெரிவித்தார்கள். வியாழன் மதியம் 48,500 ரூபாயை மண்டிக் கணக்குக்கே திருப்பினோம். சாயங்காலம் அவர் வந்தார். பாஸ்புக்கில் பற்று பதிந்து, பக்கத்தில் புதிய யூடிஆர் எண்ணைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். மீதி இருப்பு 60 ரூபாய். முத்திரைப் பிரதியை நாலாக மடித்துப் பாஸ்புக் உறைக்குள் வைத்துக்கொண்டு, கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.